வாட்டர் ஹீட்டர் தொட்டியின் அடியில் படபடப்பது ஏன், அந்தக் கசடை வெளியேற்றுவது எப்படி?

"எங்கள் வீட்டில் தரையில் நிற்கும் தொட்டி வகை கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது, 180 லிட்டர். வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. நாலு மாசமாக பர்னர் எரியும்போதெல்லாம் உள்ளே ஏதோ பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம், சில நேரம் குமுறுகிற மாதிரியும் கேட்கிறது. அடியில் உப்பு படிந்திருக்கும், தண்ணீரைத் திறந்துவிட்டால் போய்விடும் என்றார்கள். ஒரு தடவை முழுசாக வடித்துப் பார்த்தேன், சத்தம் அப்படியேதான் இருக்கிறது. வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் சரியாகக் கழுவுவது?"

தொட்டியின் பாதுகாப்பு வால்வு சரியாக வேலை செய்யும்வரை, இந்தச் சத்தத்தை வெடிப்பதற்கான முன்னறிவிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. அது தொட்டியின் அடித்தகடு அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதைத்தான் சொல்கிறது. இதனால் ஒரே நாளில் விபத்து நேர்வதில்லை. தொட்டியின் ஆயுள்தான் மெல்லக் குறைகிறது. நீங்கள் முழுசாக வடித்தும் சத்தம் குறையாததில் வியப்பில்லை. தண்ணீரை வடிப்பதும் கசடை வெளியேற்றுவதும் வெவ்வேறு வேலைகள். வெள்ளம் வடிந்த தரையில் சேறு தங்கிவிடுவதைப் போல, அசையாமல் வடியும் நீர் கசடை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறது. கசடைக் கலக்கி, அது மிதந்துகொண்டிருக்கும்போதே வெளியே எடுக்க வேண்டும். அதற்கான முறையைச் சொல்வதற்கு முன் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்; அது புரிந்தால், கழுவிய பிறகு வேலை முடிந்ததா இல்லையா என்பதை நீங்களே காதால் தீர்மானிக்கலாம்.

கடின நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, நீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் பிரிகிறது. சாதாரண உப்பும் சர்க்கரையும் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். ஆகவே நீர் மிகவும் சூடாகும் இடத்தில்தான் அது முதலில் உருவாகிறது. உருவான துகள்கள் கனமானவை என்பதால் தொட்டியின் அடிக்கு இறங்குகின்றன. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை ஒரு வீட்டில் நாளுக்கு 200 லிட்டர் சூடாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் 60 கிராம் சுண்ணாம்பு அந்தத் தொட்டி வழியாகக் கடந்து போகிறது. அதில் இருபதில் ஒரு பங்குதான் உள்ளே தங்குகிறது என்று கொண்டாலும் நாளுக்கு 3 கிராம், ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கும் மேல். ஆறு ஆண்டுகளில் சேரும் கசடை ஒரு வாளியில்தான் அள்ள வேண்டியிருக்கும். கிணற்று நீராக இருந்தால் மணலும், பழைய இரும்புக் குழாயாக இருந்தால் துருத்தூளும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

கேஸ் ஹீட்டரில் பர்னர் தொட்டியின் அடித்தகட்டுக்கு நேர்கீழே எரிகிறது. கசடு இல்லாத தொட்டியில் தகட்டின் சூட்டை நீர் உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால், தகடு நீரைவிடச் சற்றே கூடுதலான வெப்பத்தில் நின்றுவிடும். இடையே கசடு வந்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. சுண்ணாம்பின் வழியாக வெப்பம் கடப்பது இரும்பின் வழியாகக் கடப்பதைவிடப் பல பத்து மடங்கு கடினம். வீட்டு அளவிலான ஒரு பர்னரின் வெப்பத்தில் பாதி அடித்தகட்டின் வழியாகப் போகிறது என்று வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு மில்லிமீட்டர் படிவுக்கும் தகட்டின் வெப்பநிலை ஏறக்குறைய 30 டிகிரி உயர வேண்டியிருக்கிறது. மேலே நீர் 55 டிகிரியில் இருக்க, மூன்று மில்லிமீட்டர் படிவுக்கு அடியில் தகடு 145 டிகிரியை எட்டுகிறது.

அந்த எண்ணில் ஒரு பொருள் இருக்கிறது. குழாய் அழுத்தத்தில் இருக்கும் தொட்டிக்குள் நீர் 100 டிகிரியில் கொதிக்காது. தொட்டியில் 3 பார் அழுத்தம் இருந்தால் கொதிநிலை சுமார் 144 டிகிரி. ஆகவே உங்களுக்குக் கேட்கும் ஒவ்வொரு படபடப்பும், கசடின் இடுக்குகளில் சிக்கிய நீர் அந்த வெப்பத்தைத் தொட்டு நீராவியாகிவிட்டது என்பதற்குச் சாட்சி. ஆவிக்குமிழி கசடைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது; அங்கே 55 டிகிரி நீரைச் சந்தித்ததும் நொடியில் குளிர்ந்து சுருங்கி மறைகிறது. அந்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள நீர் பாய்ந்து நிரப்பும்போது எழும் மோதல்தான் 'டப்' என்று கேட்கிறது. குமிழி பிறக்கும் ஒலியைவிட அது இறக்கும் ஒலியே பெரிது. கசடு மெல்லியதாகவும் பொறுக்காகவும் இருந்தால் தனித்தனிப் பொரிப்பாகவும், தடித்து மணல்போல் கிடந்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து குமுறலாகவும் கேட்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் மட்டும் நீர் இறங்கும் வீடுகளில் கொதிநிலை 111 டிகிரி அளவிலேயே இருப்பதால், அங்கே இன்னும் மெல்லிய படிவுக்கே சத்தம் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் சத்தம் கேட்பது, உங்கள் வீட்டில் கேட்பதைவிடச் சற்றுக் குறைவான கவலைக்குரியது.

தகடு இப்படிச் சூடாவதால் இழப்பு இரண்டு வகையில் வருகிறது. எரிவாயு வீணாகிறது, இது எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. இந்தத் தொட்டிகளின் உட்புறத்தில், இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்காகக் கண்ணாடிப் பூச்சு சுடப்பட்டிருக்கும். நீரும் தகடும் சூடாக ஆக அந்தப் பூச்சு விரைவாகக் கரைகிறது. பர்னர் எரியும்போது விரிந்தும் அணையும்போது சுருங்கியும் தகடு அசைவதால் அதில் மயிரிழை வெடிப்புகளும் விழுகின்றன. சத்தத்தைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட தொட்டி பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் ஒழுகத் தொடங்கும்.

இனி, உங்கள் சத்தம் கசடுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பர்னர் பற்றிய சில நிமிடங்களில் தொடங்கி, அணைந்ததும் சிறிது நேரத்தில் அடங்கினால் அது கசடு. குழாயை மூடும் கணத்தில் ஒரே ஒரு முறை 'தொப்' என்று கேட்டால் அது நீரோட்டம் திடீரென்று நிற்பதால் குழாயில் விழும் அடி. தொட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுடுநீர் ஓடும்போது சுவருக்குள் டிக் டிக் என்று கேட்பது குழாய் விரிந்து பிடிமானத்தில் உரசுவது. தொட்டி முழுக்கக் குளிர்நீராக இருக்கும்போது பர்னர் பற்றியவுடன் 'சுர்' என்று கேட்பது, குளிர்ந்த தகட்டில் வியர்த்த நீர் நெருப்பில் சொட்டுவதாக இருக்கலாம். நீர் சூடானதும் அது நின்றுவிடும். நிற்காமல் பர்னர் அறையில் தொடர்ந்து ஈரம் தெரிந்தால் தொட்டி ஒழுகுகிறது என்று பொருள். அப்போது கழுவுவதில் பயனில்லை.

சென்ற ஆண்டு என் அண்ணன் வீட்டில் ஏறத்தாழ உங்களுடையதைப் போன்ற ஒரு தொட்டியைக் கழுவினேன். அதுவும் ஆறு ஆண்டுகளாகத் தொடப்படாதது. அவரும் ஒரு முறை முழுக்க வடித்துப் பார்த்துவிட்டு, அடியில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருந்தார். அங்கே செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் எரிவாயுக் கட்டுப்பாட்டுக் குமிழைப் பைலட் நிலைக்குத் திருப்பிப் பெரிய பர்னர் பற்றாதபடி செய்ய வேண்டும். இந்தப் படியை மறந்தவர்கள், பாதி காலியான தொட்டியின் அடியில் தீ எரியவிட்டுப் பூச்சைப் பாழாக்கியிருக்கிறார்கள். பிறகு நீரைக் குளிரவிட வேண்டும். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். அதோடு சாதாரணத் தோட்டத்து ஹோஸ் அந்தச் சூட்டில் இளகி இணைப்பிலிருந்து நழுவிவிடும். முந்தின இரவே குமிழைத் திருப்பிவிட்டு, காலையில் வீட்டாரைக் குளிக்கச் சொல்லிவிட்டால் சூடான நீர் வீணாகாமல் தொட்டி தானாகவே வெதுவெதுப்புக்கு வந்துவிடும். சூடாக இருந்தால்தான் கசடு எளிதில் வரும் என்று சொல்வார்கள். மணல்போல் கிடக்கும் கசடுக்கு நீரின் வேகம்தான் வேண்டும், சூடு தேவையில்லை.

அடியில் இருக்கும் வடிகால் வால்வில் ஹோஸை இறுகப் பொருத்தி, மறுமுனையை தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே உள்ள சாக்கடைத் துளைக்கோ திறந்த வெளிக்கோ கொண்டுபோய் அசையாமல் கட்டி வையுங்கள். அங்கே போகும் முன் நீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை வாளி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே அளவுகோல்.

முதல் கட்டத்தில் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம். குளிர்நீர் உள்ளே வரும் வால்வு திறந்தே இருக்கட்டும். வீட்டிலுள்ள சுடுநீர்க் குழாய்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். இப்போது வடிகால் வால்வை முழுக்கத் திறந்தால், குழாய் அழுத்தம் முழுவதும் பின்னாலிருந்து தள்ள, வால்வுக்கு அருகில் உள்ள கசடு வேகமாக வெளியேறும். ஐந்து நிமிடம் போதும். அண்ணன் வீட்டில் முதல் வாளி நீர்த்த மோர்போல் வெளுப்பாகவும், அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குப் பொடியோடும் வந்தது. மூன்றாவது வாளி தெளிந்துவிட்டது. இங்கேதான் பலர் ஏமாந்து நிறுத்திவிடுகிறார்கள். தெளிந்த நீர் வருகிறது என்றால், வால்வுக்கும் குளிர்நீர் வரும் வழிக்கும் இடையே ஒரு வாய்க்கால் திறந்துவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள்; கசடு தீர்ந்துவிட்டது என்பதல்ல.

தொட்டியின் உள்வடிவம்தான் இதற்குக் காரணம். கேஸ் ஹீட்டரின் அடித்தகடு தட்டையாக இருப்பதில்லை. நடுவில் மேல்நோக்கிக் குமிழ்ந்து, அந்த நடுவிலிருந்து புகைபோக்கிக் குழாய் மேலே எழுகிறது. ஆகவே கசடு ஓரத்தைச் சுற்றிய வளையப் பள்ளத்தில் தங்குகிறது. வடிகால் வால்வு அந்த வளையத்தின் ஒரு புள்ளியில், அதுவும் தகட்டைவிடச் சற்று மேலே இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கிடக்கும் கசடுக்கு அந்த வால்வு இருப்பதே தெரியாது. குளிர்நீரோ மேலிருந்து ஒரு நீண்ட குழாய் வழியாக இறங்கி, அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் வெளிவருகிறது. தொட்டி நிறைந்திருந்தால் அந்தப் பாய்ச்சல் சுற்றியுள்ள நீரிலேயே தணிந்து அடியைத் தொடாமல் போகிறது. தொட்டி ஏறக்குறைய காலியாக இருந்தால் அதே பாய்ச்சல் கசடின்மேல் நேராக விழுந்து கலக்கும்.

எனவே இரண்டாவது கட்டத்தில்தான் தொட்டியை வடிக்க வேண்டும். குளிர்நீர் வால்வை மூடி, ஒரு சுடுநீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் நீர் கொப்பளித்துக் கொப்பளித்துச் சொட்டும். வேலை நாள் முழுக்க நீளும். ஓட்டம் நூலிழையாகக் குறைந்ததும், வடிகால் வால்வைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, குளிர்நீர் வால்வை ஒரே திருப்பில் முழுக்கத் திறந்து அரை நிமிடம் ஓடவிட்டு மூடுங்கள். கலங்கிய நீர் வெளியேறட்டும். ஓட்டம் மீண்டும் குறைந்ததும் இன்னொரு முறை. இப்படி எட்டு, பத்து முறை செய்ய வேண்டியிருக்கும். வெறும் கலங்கல் மட்டும் வருகிறதா, துகள்கள் வாளியில் 'சலசல'வென்று விழுகின்றனவா என்று காது கொடுத்துக் கேளுங்கள். அண்ணன் வீட்டில் இரண்டாவது முறையிலேயே, முதல் கட்டத்தில் வந்ததைவிடக் கூடுதலான கசடு வந்தது. பட்டாணியின் பாதி அளவுள்ள வெள்ளைப் பொறுக்குகளும் அதில் இருந்தன. ஏழாவது முறைக்குப் பிறகு வாளியின் அடியில் கையளவு மணல்கூடத் தேறவில்லை. மொத்தக் கசடை வடியவைத்து அளந்தபோது ஏறத்தாழ மூன்று லிட்டர் இருந்தது.

நடுவில் ஒரு தடங்கல் வந்தது, உங்களுக்கும் வரக்கூடும். மூன்றாவது முறையில் ஓட்டம் திடீரென்று நின்றுவிட்டது. தொட்டியோடு வரும் வடிகால் வால்வுகளில் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றின் உள்வழி வளைந்தும் குறுகலாகவும் இருக்கும். ஒரு பொறுக்கு குறுக்கே விழுந்தாலே அடைத்துக்கொள்ளும். அப்போது வால்வை மேலும் முறுக்கக் கூடாது. பிளாஸ்டிக் தண்டு உடைந்தால் தொட்டியில் இருக்கும் நீரெல்லாம் தரையில்தான். ஹோஸைக் கழற்றிவிட்டு வால்வின் வாய்வழியாக ஒரு கெட்டிக் கம்பியை மெல்ல நுழைத்து அசைத்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும். வால்வின் உள்வழி வளைந்திருந்து கம்பி போகாவிட்டால், ஹோஸின் மறுமுனையை வேறொரு குளிர்நீர்க் குழாயில் மாட்டிச் சில நொடிகள் எதிர்ப்பக்கமாக நீரைச் செலுத்தினால் அடைப்பு உள்ளே தள்ளப்பட்டுவிடும். அப்போதும் மேலே ஒரு சுடுநீர்க் குழாய் திறந்திருக்க வேண்டும். இந்தத் தொல்லை மீண்டும் வராதிருக்க, தொட்டி காலியாக இருக்கும்போதே பிளாஸ்டிக் வால்வைக் கழற்றிவிட்டு, உள்வழி குழாயளவே அகலமுள்ள பித்தளைப் பந்து வால்வைப் பொருத்திக்கொள்ளலாம். கால் திருப்பில் முழுவாயும் திறக்கும் அந்த வால்வில் பொறுக்குகள் தடையின்றிப் போய்விடும். என்னைக் கேட்டால், முதல் முறை கழுவும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. பழைய பிளாஸ்டிக் வால்வு ஒரு முறை திறந்த பிறகு சொட்டில்லாமல் மூடுவது அரிது என்பது இன்னொரு காரணம்.

வாளியில் கிடைத்த கசடில் ஒரு சிட்டிகையை எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. பொங்காமல் கிடந்தால் மணலாக இருக்கலாம். நுரைக்காமல் கூழ்போல் வழவழப்பாக இருந்தால், தொட்டிக்குள் துருவைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதற்காக வைக்கப்பட்டிருக்கும் அலுமினிய ஆனோடு கம்பி கரைந்து உண்டான கழிவாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் இரும்பிலிருந்து வந்தவை. மிதக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துணுக்குகள் வந்தால், குளிர்நீரைக் கீழே கொண்டுபோகும் உள்குழாய் நொறுங்கத் தொடங்கிவிட்டது. இந்தச் சோதனை வெறும் ஆர்வத்துக்காக அல்ல. அடுத்து அமிலம் உதவுமா என்பதை இதுதான் சொல்லும். மணலை வினிகரோ சிட்ரிக் அமிலமோ கரைக்காது. அதற்கு வடிகட்டிதான் வழி.

நீரால் கழுவிய பிறகும் சத்தம் பாதியாவது மிஞ்சியிருந்தால், தகட்டோடு ஒட்டி இறுகிய ஓடு ஒன்று அடியில் இருக்கிறது. அதை நீரின் வேகம் பெயர்க்காது. சிட்ரிக் அமிலம் கரைக்கும். இங்கே அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு பாட்டில் வினிகர் ஊற்றினால் எல்லாம் கரைந்துவிடும் என்ற அறிவுரை பரவலாக உலவுகிறது. ஒரு கிலோ சுண்ணாம்பைக் கரைக்க 5 சதவீத வினிகர் ஏறக்குறைய 24 லிட்டர் வேண்டும். சிட்ரிக் அமிலமானால் குறைந்தது 1.3 கிலோ தேவைப்படும். ஆகவே முதலில் நீரால் வரக்கூடிய அனைத்தையும் வெளியேற்றிவிட்டு, எஞ்சிய ஓட்டுக்கு மட்டுமே அமிலத்தைச் செலவிட வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது மேலேயுள்ள ஆனோடு கம்பியைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். அது உள்ளே இருந்தால் அமிலம் அதைத்தான் முதலில் தின்னும். அந்தத் துளை வழியாக, வெதுவெதுப்பான நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தை அடிப்பகுதி மூழ்கும் அளவுக்கு ஊற்றி, சில மணி நேரம் விட்டு, மேலே சொன்னபடியே பலமுறை அலசி வெளியேற்ற வேண்டும். கரையும்போது கார்பன் டை ஆக்சைடு எழும் என்பதால் துளையை மூடிவைக்கக் கூடாது. அறைச் சன்னல்களும் திறந்திருக்க வேண்டும். அமிலம் உள்ளே இருக்கும்போது பர்னரைப் பற்றவைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. குளியலறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பூச்சின் வெடிப்புகளில் இறங்கி இரும்பையே அரித்துவிடும். பத்தாண்டு கடந்த தொட்டிக்கு நான் அமிலத்தைப் பரிந்துரைப்பதில்லை. ஆனோடு கம்பியின் மறை இறுகிப்போயிருக்கும், கழற்றும் முயற்சியிலேயே தொட்டி சேதமாகும்.

கழுவி முடித்ததும் வடிகால் வால்வை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்தே வைத்துக் குளிர்நீரை நிரப்புங்கள். குழாயில் முதலில் காற்று சீறும். பிறகு நீரும் காற்றும் கலந்து துப்பும். கடைசியில் தடையின்றி நீர் ஓடும். அப்படி ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு நிமிடம் விட்டுக் குழாயை மூடி, அதற்கு மேல்தான் பர்னரை இயக்க வேண்டும். குழாய் முனைகளில் சல்லடை இருந்தால் அவற்றைக் கழற்றி அலசுங்கள். கலங்கிய துகள்கள் சில அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அன்று மாலை வடிகால் வால்வின் வாயைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுநாள் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால், உள்ளே ஒரு துகள் சிக்கியிருக்கலாம். ஒரு கணம் முழுக்கத் திறந்து மூடினால் சில நேரம் சரியாகும். இல்லாவிட்டால் வாயில் ஒரு மறை மூடியைப் போட்டு வையுங்கள்.

பாதுகாப்பு வால்வைப் பற்றித் தொடக்கத்தில் குறிப்பிட்டேன். வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறினால் நீரை வெளியேற்றித் தொட்டியைக் காப்பது அது. தொட்டி நிறைந்த பிறகு அதன் நெம்பைத் தூக்கி, நீர் பீறிட்டு வருகிறதா, விட்டதும் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் வெளியேற்றக் குழாய் தரையை நோக்கி இருக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் அசைக்கப்படாத வால்வு, தூக்கிய பிறகு சரியாக மூடாமல் சொட்டக்கூடும். அப்படியானால் அதை மாற்ற வேண்டும். சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்துவிடுவதுதான் உண்மையிலேயே வெடிப்புக்கு வழிவகுக்கும் செயல்.

மின்சார ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், ஆனால் சில மாற்றங்களோடு. அங்கே அடித்தகட்டில் தீ இல்லை. வெப்பம் நீருக்குள் நீட்டியிருக்கும் சுருளிலிருந்து வருகிறது. அதனால் குமுறல் அரிது. சுருளைச் சுற்றி ஓடு கட்டும்போது மெல்லிய சீறலும் நொறுங்கலும் கேட்கும். கசடு உயர்ந்து கீழ்ச்சுருளைப் புதைத்துவிட்டால், சூட்டை இறக்கிவைக்க வழியின்றிச் சுருள் எரிந்துபோகிறது. கழுவுவதற்கு முன் மின்சாரத்தை மெயின் பெட்டியில் உள்ள பிரேக்கரிலேயே நிறுத்த வேண்டும். தொட்டி முழுக்க நிரம்பிக் குழாயில் நீர் ஓடிய பிறகே மீண்டும் போட வேண்டும். நீரில் மூழ்காத சுருள் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கீழ்ச்சுருள் பொருத்திய துளை வழியாகக் கசடை நேரே அள்ளிவிடலாம் என்பது மின்சாரத் தொட்டியில் உள்ள வசதி. கழற்றினால் அதன் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும். சுவரில் தொங்கும் சிறிய ஹீட்டர்களில் வடிகால் வால்வு தனியாக இல்லாமல் இருக்கலாம். அவற்றைக் குளிர்நீர் இணைப்பின் வழியாகத்தான் வடிக்க வேண்டும். அந்த வகையில் அடிமூடியைத் திறந்து சுத்தம் செய்வதைப் பணியாளரிடம் விடுவதே சரி.

பழைய தொட்டியைக் கழுவினால் ஒழுகத் தொடங்கிவிடும் என்று சிலர் எச்சரிப்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. அரித்துத் துளைபட்ட இடத்தைக் கசடு அடைத்துக்கொண்டிருந்தால், அதை அகற்றியதும் ஒழுக்கு வெளிப்படும். துளை முன்பே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சுடுநீர் தொடர்ந்து செம்பழுப்பாக வருகிறது, குளிர்நீர் மட்டும் தெளிவாக இருக்கிறது என்றால், கழுவும் முயற்சியைவிடப் புதிய தொட்டிக்கு ஏற்பாடு செய்வது அறிவுடைமை. உங்களுடையது ஆறு ஆண்டுதான் ஆகிறது, நீர் நிறம் மாறியதாக நீங்கள் சொல்லவும் இல்லை, தயங்காமல் கழுவலாம்.

தெர்மோஸ்டாட் 70 டிகிரியில் இருந்தால் 60க்கு இறக்குங்கள். சுண்ணாம்பு பிரியும் வேகம் கண்கூடாகக் குறையும். அதற்கும் கீழே வெகுவாக இறக்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு: வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க்கிருமி வளரும், 60 டிகிரி நீரில் அது நிலைப்பதில்லை. குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் வீட்டில் 60 டிகிரி சுடும் என்று அஞ்சினால், தொட்டியை விட்டுவிட்டு, குழாய்க்கு முன்னே குளிர்நீரைக் கலந்து தரும் வால்வைப் பொருத்துவது பொருத்தம்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கழுவுவது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விடை கிடையாது. உங்கள் வாளிதான் சொல்ல வேண்டும். இப்போது கழுவிய மூன்று மாதத்தில், தொட்டியைக் காலி செய்யாமல், முதல் கட்டத்தில் சொன்னபடி அழுத்தத்தோடு ஒரு வாளி மட்டும் பிடித்துப் பாருங்கள். அடியில் மெல்லிய தூள் படலம் மட்டும் இருந்தால் அடுத்ததை ஆறு மாதத்துக்குத் தள்ளலாம். ஒரு விரற்கடைப் படிவு இருந்தால் மூன்று மாதமே இடைவெளி. அண்ணன் வீட்டில் கழுவிய முதல் இரண்டு நாள் அங்கங்கே ஓரிரு பொரிப்புகள் கேட்டன. இடம் பெயர்ந்த துகள்கள் தகட்டில் புதிதாக அமர்ந்ததால் வந்தவை அவை. மூன்றாம் நாள் ஒரு முறை அழுத்தத்தோடு வடித்த பிறகு குமுறல் முற்றிலும் நின்றது. பர்னர் எரிந்த முப்பது நிமிடத்தில் நாலைந்து மெல்லிய 'டப்'கள் மட்டும் மிஞ்சின. அந்த அளவு ஓட்டுக்காக அமிலம் ஊற்றுவதில் பொருளில்லை என்று விட்டுவிட்டோம். மூன்று மாதம் கழித்துப் பிடித்த வாளியில் அரைக் கைப்பிடி வெள்ளை மணல் இருந்தது.